சாம்பலுக்கு ஓர் இடம்: ஒரு திருச்சபை விதி பிறந்த கதை

1873-ல் வியன்னா நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த லொடொவிக்கோ புருனெட்டி என்ற மருத்துவப் பேராசிரியர், தாம் வடிவமைத்த உலை ஒன்றின் மாதிரியை அங்கே வைத்திருந்தார். பக்கத்தில் கண்ணாடிக்குள், அந்த உலையில் எரித்த மனித உடல்களின் சாம்பல். நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. சுடுகாடு நம் ஊரில் என்றும் இருந்தது. ஆனால் பார்த்தவர்கள் ஆயிரம் ஆண்டுகளாகத் தங்கள் இறந்தவர்களை மண்ணில் மட்டுமே வைத்துவந்த ஐரோப்பியர்கள். எரிந்து முடிந்த மனிதன் இவ்வளவுதான் மிஞ்சுவான் என்பதை அவர்களில் பலர் அன்றுதான் முதல்முறையாகக் கண்ணால் கண்டார்கள்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்து விக்டோரியா அரசியின் அறுவை மருத்துவர் சர் ஹென்றி தாம்சன். ஊருக்குத் திரும்பி, 1874 ஜனவரியில் தகனத்தை ஆதரித்துக் கட்டுரை எழுதினார். அதே மாதம் தகனச் சங்கம் ஒன்றையும் தொடங்கினார். இத்தாலியில் வேலை இன்னும் வேகமாக நடந்தது. மிலான் நகரப் பெரிய கல்லறைத் தோட்டத்தில், ஆல்பெர்ட்டோ கெல்லர் என்ற புராட்டஸ்டண்டு பட்டு வணிகர் விட்டுச் சென்ற பணத்தில் தகனக் கூடம் கட்டப்பட்டது. 1876 ஜனவரி 22 அன்று அதில் முதலில் எரியூட்டப்பட்டது அவருடைய உடல்தான். இங்கிலாந்தில் வோக்கிங் தகனக் கூடம் முதல் உடலை ஏற்க 1885 ஆயிற்று.

கத்தோலிக்கத் திருச்சபை இதற்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. இறந்தவரின் சாம்பல் பெயரோடு, புனிதப்படுத்திய ஓர் இடத்தில் இருக்க வேண்டும் என்ற இன்றைய விதி அந்தப் பதிலில் கிடையாது. அது பிறக்க இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. முதலில் வந்தது நெருப்புக்குத் தடை.

தொடக்கக் கிறிஸ்தவர்கள் ஏன் புதைத்தார்கள் என்பதற்கு எளிய விடை உண்டு. அவர்கள் யூத மரபிலிருந்து வந்தவர்கள். இயேசுவும் கல்லறையில் வைக்கப்பட்டார். சுற்றிலும் ரோமர்கள் எரித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இவர்கள் நிலத்துக்கடியில் சுரங்கம் வெட்டிப் புதைத்தார்கள். எரித்தால் உயிர்த்தெழ முடியாது என்று அஞ்சித்தான் இப்படிச் செய்தார்களா? இல்லை என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 177-ல் பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். இனி இவர்கள் எழுந்து வர வழியில்லை என்று காட்டுவதே அவர்கள் நோக்கம். அந்த எண்ணம் துன்புறுத்தியவர்களுடையது. கிறிஸ்தவர்கள் அதைக் கண்டு கலங்கவில்லை. அடுத்த தலைமுறைகளில் எழுதிய மினூசியுஸ் ஃபெலிக்ஸ் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்: எந்த முறையிலும் எங்களுக்கு இழப்பு என்ற பயம் கிடையாது, பழைய வழக்கம், நல்ல வழக்கம் என்பதால் மண்ணில் வைக்கிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

பிறகு நெருப்பு வேற்று மதத்தின் அடையாளமாக மாறியது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சாக்சன் மக்களை வென்று மதம் மாற்றிய சார்லமேன் மன்னர், பழைய முறைப்படி பிணத்தை எரிப்பவருக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டார். புதைப்பது அன்று ஒரு வழக்கம் என்ற நிலையைத் தாண்டி, யார் எந்தப் பக்கம் என்பதைக் காட்டும் குறியாகிவிட்டது. 1299-ல் வந்த இன்னொரு தடையையும் இங்கே சொல்ல வேண்டும். தூர தேசத்தில் இறந்த பிரபுக்களின் உடலை வெட்டி, கொதிக்க வைத்து, எலும்பை மட்டும் சொந்த ஊருக்குக் கொண்டுவரும் வழக்கத்தை எட்டாம் போனிஃபாஸ் திருத்தந்தை கண்டித்து நிறுத்தினார். இறந்தவரின் உடலைப் பிரிக்கலாகாது என்ற அந்த எண்ணத்தை, எழுநூறு ஆண்டுகள் கழித்து வேறு உருவில் பார்க்கப்போகிறோம்.

1886 மே 19 அன்று ரோமின் விசுவாசக் கண்காணிப்புத் துறை தன் ஆணையை வெளியிட்டது. தகனச் சங்கங்களில் சேரக்கூடாது. தன் உடலையோ பிறர் உடலையோ எரிக்கச் சொல்லவும் கூடாது. சங்கம் ஃப்ரீமேசன் அமைப்போடு தொடர்புடையது என்றால் ஃப்ரீமேசன்களுக்கான தண்டனையே அதன் உறுப்பினருக்கும் என்று சேர்த்திருந்தார்கள். ஆணை பிறந்த இடம் இந்த வாக்கியத்தில் தெரிகிறது. 1870-ல் இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்து திருத்தந்தையின் ஆட்சிப்பரப்பைப் பறித்திருந்தது. புதிய இத்தாலியில் தகனத்துக்காக முன்னின்றவர்களில் பலர் ஃப்ரீமேசன்கள், குருக்களின் செல்வாக்கை ஒழிக்க நினைத்தவர்கள். அவர்களில் சிலருக்குத் தகனம் ஒரு பிரகடனமாகவே இருந்தது: மறுமை இல்லை, குரு வேண்டாம், கல்லறைத் தோட்டத்தின் மீது திருச்சபைக்கு உரிமையும் இல்லை. ஆணை அந்தப் பிரகடனத்துக்கு எழுதப்பட்ட மறுப்பு.

அதே ஆண்டு டிசம்பரில் வந்த இரண்டாம் விளக்கத்தைப் படித்தால் இது இன்னும் உறுதியாகும். தன் விருப்பமின்றி, பிறர் முடிவால் எரிக்கப்படுபவருக்கு வீட்டிலும் கோயிலிலும் அடக்கச் சடங்கு செய்யலாம். தகனக் கூடத்துக்குக் குரு போகக்கூடாது, அவ்வளவே. எரிப்பதே உயிர்த்தெழுதலைக் குலைக்கும் என்று திருச்சபை நம்பியிருந்தால் இந்தச் சலுகைக்கு இடமில்லை. குற்றம் எரிப்பதைத் தேர்ந்தெடுத்த மனநிலையில் இருப்பதாகவே அது கருதியது. ஆனால் ஆணைகள் ஊருக்கு வந்து சேரும்போது காரணங்கள் உதிர்ந்துவிடுகின்றன. 1917-ன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தன்னை எரிக்கச் சொல்லிவிட்டு மனம் மாறாமல் இறந்தவருக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்று விதித்தது. பங்குகளில் மக்கள் மனத்தில் பதிந்தது ஒன்றே: கிறிஸ்தவன் என்றால் மண், நெருப்பு நமக்கில்லை. நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் பாட்டிமார் இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இங்கிலாந்துத் திருச்சபை வேறு வழியில் போனது. அங்கே அரசியல் சண்டை இல்லை, இடநெருக்கடி இருந்தது. கோயிலைச் சுற்றியிருந்த கல்லறை நிலங்கள் நிறைந்துவிட்டன. 1905-ல் நடிகர் ஹென்றி இர்விங் இறந்தபோது அவர் உடல் முதலில் எரிக்கப்பட்டு, சாம்பல் வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அங்கே அவ்வாறு அடக்கமான முதல் மனிதர் அவர். 1944-ல் காண்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிள் இறந்தார். அவரும் எரியூட்டப்பட்டார், சாம்பல் காண்டர்பரி பேராலய முற்றத்தில், முன்னாள் பேராயரான அவர் தந்தையின் கல்லறையருகே வைக்கப்பட்டது. திருச்சபையின் தலைமைக் குருவே இப்படிச் செய்த பிறகு சாதாரண மனிதருக்குத் தயக்கம் இருக்க நியாயமில்லை.

சாம்பலைப் பற்றி முதலில் தெளிவாக யோசித்தவர்களும் ஆங்கிலிக்கன்களே என்பது என் எண்ணம். அவர்களின் திருச்சபை விதி, சாம்பலை ஒரு குருவானவர் மரியாதையோடு கல்லறை நிலத்திலோ, ஆயர் அதற்கென ஒதுக்கிய நிலத்திலோ, கடலிலோ சேர்க்க வேண்டும் என்கிறது. பல கோயில்களில் வளாகத்தின் ஒரு மூலையில் சிறு குழி தோண்டி, பேழை இல்லாமலே சாம்பலை மண்ணுக்குள் இட்டு மூடுகிறார்கள். புல் மீண்டும் வளர்ந்துவிடும். பெயர் கோயிலுக்குள் இருக்கும் நினைவுப் புத்தகத்தில் ஏறும். இதில் கவனிக்க வேண்டியது, புனிதப்படுத்திய நிலத்தில் வைத்த சாம்பல் அங்கேயே இருக்க வேண்டும் என்ற கண்டிப்பு. குடும்பம் வேறு ஊருக்குக் குடிபோகிறது என்பதற்காக மட்டும் அதைத் தோண்டி எடுத்துப்போக முடியாது. மறைமாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், அதுவும் விதிவிலக்கான காரணத்துக்கே கிடைக்கும். உடலுக்குள்ள நிலைபேறு சாம்பலுக்கும் உண்டு என்று அவர்கள் கொண்டார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் தடை 1963-ல் விலகியது, இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்த காலம். உடலை எரிப்பது ஆன்மாவைத் தொடுவதில்லை, உடலை மீண்டும் எழுப்ப இறைவனின் வல்லமைக்கு அது தடையும் இல்லை என்று விசுவாசக் கண்காணிப்புத் துறை எழுதியது. மினூசியுஸ் ஃபெலிக்ஸ் சொன்ன இடத்துக்கே திருச்சபை சுற்றி வந்து சேர்ந்தது. மறையை மறுக்கும் நோக்கத்தோடு தேர்ந்தால் மட்டும் தடை. அதே நிபந்தனை 1983-ன் சட்டத் தொகுப்பில் 1176-ஆம் விதியாக நிற்கிறது: அடக்கம் பரிந்துரைக்கப்படுகிறது, தகனம் தடுக்கப்படவில்லை.

ஆனால் 1963-ல் எழுதியவர்கள் தீயைப் பற்றி யோசித்தார்கள், தீ அணைந்த பிறகு மிஞ்சுவதைப் பற்றி யோசிக்கவில்லை. எரிவாயு உலையில் 800 முதல் 1000 டிகிரி சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் எரிந்த பின் மிஞ்சுவது உண்மையில் சாம்பல் அல்ல, எலும்பு. ஆற வைத்து, சவப்பெட்டி ஆணி, மூட்டு மாற்றிய உலோகம் போன்றவற்றைப் பிரித்தெடுத்து, இயந்திரத்தில் அரைத்துப் பொடியாக்குகிறார்கள். வளர்ந்த மனிதருக்கு ஏறத்தாழ இரண்டு, மூன்று கிலோ. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உடலை வீட்டில் வைத்திருக்க முடியாது. இரண்டே நாளில் அது நம்மைக் கல்லறைக்கு விரட்டும். இந்தப் பொடிக்கு அவசரம் எதுவும் இல்லை. கெடாது, நாறாது, அலமாரியில் எத்தனை ஆண்டும் இருக்கும், காரில் கொண்டுபோகலாம், கரண்டியால் பங்கு பிரிக்கலாம். இறந்தவரை நல்லபடியாக ஓரிடத்தில் சேர்த்துவிடு என்று உடல் தானாகவே போட்டுவந்த கட்டாயம், தகனத்தோடு போய்விட்டது. அந்தக் கட்டாயத்தின் இடத்தில்தான் விதி தேவைப்பட்டது.

முதலில் வந்த கேள்வி சாம்பலைக் கோயிலுக்குள் கொண்டுவரலாமா என்பது. உடல் இருக்கும்போதே அடக்கத் திருப்பலி, பிறகே தகனம் என்பது திருச்சபை விரும்பும் வரிசை. அமெரிக்காவில் பல குடும்பங்கள் இதைத் தலைகீழாக மாற்றின. உடலை உடனே எரித்துவிட்டு, பிள்ளைகள் ஊர் வந்து சேர்ந்த பின் திருப்பலி கேட்டன. 1997 மார்ச்சில் ரோம் அமெரிக்க மறைமாவட்டங்களுக்குத் தனி அனுமதி தந்தது: அந்தந்த ஆயர் ஒப்பினால், சாம்பலை வைத்தே அடக்கத் திருப்பலி நடத்தலாம். நடைமுறையும் வகுக்கப்பட்டது. தகுதியான பேழையில் சாம்பல். சவப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு மேசை. அருகில் பாஸ்கா திரி. தீர்த்தம் தெளித்து வரவேற்பு. திருப்பலி முடிந்ததும் சாம்பல் கல்லறைக்கோ சுவர் மாடத்துக்கோ போக வேண்டும். அந்தக் கடைசிப் பயணம் பல குடும்பங்களில் நடக்கவே இல்லை. பேழை திரும்பவும் வீட்டுக்குப் போயிற்று.

சிலர் மலையில் தூவினார்கள், சிலர் கடலில். கண்ணாடி மணிக்குள் சிறிது அடைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் நகைகள் விற்பனைக்கு வந்தன. இதற்கெல்லாம் ஒரே முறையில் பதில் சொன்னது விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2016 அக்டோபர் 25 அன்று வெளியிட்ட அறிவுறுத்தல். சாம்பல் கல்லறைத் தோட்டத்திலோ, கோயிலிலோ, திருச்சபை அதற்கென அர்ப்பணித்த இடத்திலோ இருக்க வேண்டும். வீட்டில் வைப்பது கூடாது. மிக அரிய சூழலில், உள்ளூர்ப் பண்பாட்டைக் கருதி ஆயர் இசைவு தரலாம். குடும்பத்தாரிடையே பிரிக்கக் கூடாது. காற்றிலோ நிலத்திலோ நீரிலோ தூவக் கூடாது. நகையாகவோ நினைவுப் பொருளாகவோ மாற்றக் கூடாது. கிறிஸ்தவ விசுவாசத்துக்கு எதிரான காரணத்துக்காகத் தூவச் சொல்லிவிட்டு இறந்தவருக்கு அடக்கச் சடங்கு மறுக்கப்படும்.

பத்திரிகைகள் தடைகளை மட்டும் தலைப்பாக்கின. ஆனால் அந்த ஆவணத்தின் உயிர் அதன் காரணங்களில் இருக்கிறது. ஒன்று நம்பிக்கை சார்ந்தது: உடல் இயற்கையில் கரைந்து ஒன்றாகிவிடுகிறது என்ற எண்ணம், இந்த ஆள்தான், இந்த உடலோடுதான் எழுவார் என்ற விசுவாசத்துக்கு ஒத்துவராது. இன்னொன்று மிகவும் நடைமுறையானது, எனக்கு அதுவே வலுவாகப் படுகிறது. வீட்டில் இருக்கும் பேழைக்கு ஒரு தலைமுறைதான் காவல். மகள் அதைப் பூப்போலப் பார்த்துக்கொள்வாள். மகளும் போன பிறகு பேரன் வீட்டைக் காலி செய்யும்போது அது என்ன ஆகும்? அடுத்த தலைமுறை மறைந்ததும் மறதிக்கும் அவமதிப்புக்கும் இடம் வந்துவிடும் என்று ஆவணமே சொல்கிறது. மேலும், வீட்டு அலமாரியில் இருப்பவருக்காக ஊர் செபிக்க முடியாது. அந்த அறிவுறுத்தல் வெளிவந்து ஒரே வாரத்தில் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று தமிழ்நாட்டுப் பங்குகளில் என்ன நடக்கிறது என்று அறிந்தவர்களுக்கு இந்தக் காரணம் சட்டென்று புரியும். புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, பூமாலையும் மெழுகுதிரியும் வைத்துக் குடும்பங்கள் காத்திருக்கும். குரு ஒவ்வொரு கல்லறையாக வந்து மந்திரிப்பார். தன் சொந்தக்காரர் கல்லறை முடிந்ததும் கேட்பாரற்றுக் கிடக்கும் பக்கத்துக் கல்லறைக்கும் ஒரு திரி ஏற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இடம் இருந்தால்தான் இது நடக்கும்.

நான்கே ஆண்டுகளில் இந்த விதிக்குச் சோதனை வந்தது, நம் பக்கத்து மாநிலத்தில். 2020 ஜூலையில் கேரளத்தின் ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டத்தில் கொரோனாவால் இறந்தவர்களை அடக்கம் செய்ய ஆழமாகக் குழி தோண்ட வேண்டியிருந்தது. அது கடலோர மணல் நிலம். சில அடி தோண்டினாலே நீர் ஊறும். விதிப்படியான ஆழத்துக்குப் போகவே முடியாத கல்லறைத் தோட்டங்கள் பல. ஆயர் ஜேம்ஸ் ஆனாபரம்பில் குருக்களோடும் மாவட்ட நிர்வாகத்தோடும் பேசி முடிவெடுத்தார்: உடல் தகனம் செய்யப்படும், சாம்பல் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகும். ஜூலை இறுதியில் மாராரிக்குளம் பங்கில் கோயிலுக்குரிய கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சிதை மூட்டப்பட்டது. நூற்றாண்டுகளாக மண்ணை மட்டுமே அறிந்த ஒரு சமூகம் அதை ஏற்றுக்கொண்டது.

அது எப்படி முடிந்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். 1963-க்கு முன்பு என்றால் ஆயருக்கு இதைச் சொல்ல மிகவும் கடினமாக இருந்திருக்கும். தகனம் கூடும் என்று மட்டும் சொல்லியிருந்தால் குடும்பங்களுக்குப் பாதி ஆறுதல்கூடக் கிடைத்திருக்காது. சாம்பல் நம் பங்கின் மண்ணுக்கே வரும், அப்பாவின் அருகே அம்மா இருப்பார், நவம்பரில் குரு அங்கே வந்து நிற்பார் என்ற உறுதிதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதை விதியே தந்தது.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இந்த வழிக்கு வரவில்லை. கீழைக் கிறிஸ்தவரான ஆர்த்தடாக்ஸ் சபையினர் தகனத்தை இன்றும் ஏற்பதில்லை. கிரேக்க நாட்டின் முதல் தகனக் கூடம் ரிட்சோனாவில் திறக்கப்பட்டதே 2019-ல்தான். அதுவரை விரும்பியவர்கள் உடலை அண்டை நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். எரிப்பதைத் தானே தேர்ந்தவருக்கு அங்கே அடக்கச் சடங்கு கிடைக்காது.

கத்தோலிக்க விதிக்குக் கடைசித் திருத்தம் இத்தாலியிலிருந்தே வந்தது. தகனம் பெருகிய போலோஞ்ஞா நகரின் பேராயர் கர்தினால் மத்தேயோ சூப்பி, ரோமுக்கு இரண்டு கேள்விகள் அனுப்பினார். பழைய எலும்பறைகளில் பலருடைய எலும்புகளைச் சேர்த்து வைப்பதுபோல, திருமுழுக்குப் பெற்ற பலருடைய சாம்பலை ஒரே புனித இடத்தில் கலந்து சேர்க்கலாமா? குடும்பத்தினர் சாம்பலில் ஒரு பகுதியை, இறந்தவரின் வாழ்வில் முக்கியமான ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளலாமா? 2023 டிசம்பர் 9 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஒப்புதலோடு பதில் வந்தது. முதல் கேள்விக்கு ஆம்: இடம் நிலையானதாக, புனிதமானதாக இருக்க வேண்டும், ஒவ்வொருவருடைய பெயரும் விவரமும் அங்கே குறிக்கப்பட வேண்டும். சாம்பல் கலக்கலாம், பெயர் கலக்கக்கூடாது.

இரண்டாம் கேள்விக்கும், நிபந்தனைகளோடு, கதவு திறந்தது. மிகச் சிறிய பகுதி மட்டும். மீதி புனித இடத்தில் இருக்க வேண்டும். நாட்டுச் சட்டம் அனுமதிக்க வேண்டும். இறந்தவர் இயற்கையோடு கரைந்துவிட்டார் என்பது போன்ற தவறான பொருளுக்கு இடம் தரக்கூடாது. 2016-ல் பிரிக்கவே கூடாது என்று இருந்த விதி இங்கே சற்று நெகிழ்ந்திருக்கிறது. சிறிய பகுதி என்றால் எவ்வளவு, எந்த இடம் தகுதியானது என்பதை ஆவணம் வரையறுக்கவில்லை. கேட்கும் குடும்பத்தின் சூழலைப் பார்த்துத் திருச்சபை அதிகாரியே முடிவு செய்ய வேண்டும். ஆகவே இன்று ஒரு குடும்பம் தகனத்தைத் தேர்ந்தால் செய்ய வேண்டியது, உலைக்கு நேரம் குறிக்கும் முன்பே பங்குத்தந்தையிடம் மூன்றைக் கேட்டுவிடுவது: திருப்பலி உடலோடா சாம்பலோடா, பங்கின் கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் கல்லறையைத் திறந்து சாம்பலை வைக்க முடியுமா, இறந்தோர் பதிவேட்டில் அடக்க இடம் எப்படி எழுதப்படும். மூன்றாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடக்கம் முடிந்ததும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. உடலுக்கு எழுதும் அதே பதிவேட்டில் சாம்பலுக்கும் இடம் உண்டு.